‘உங்களுக்குத்தான் தர முடியாது’ என்று யார் சொன்னது? ஆங்கிலப் பேச்சின் அழுத்தமும் தாளமும் குரலேற்ற இறக்கமும்

மொரீசியஸின் கிரான் பே பக்கம் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையை எண்ணிக்கொள்ளுங்கள். கடலைப் பார்த்த மூலை அறை வெள்ளிக்கிழமைக்கு வேண்டும் என்று இங்கிலாந்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கேட்கிறார். அந்த அறை அன்றைக்குக் காலி இல்லை. மேசையில் இருப்பவர் பணிவாகவே பதில் சொல்கிறார்: “வீ கான்ட் கிவ் யூ தட் ரூம் ஆன் ஃப்ரைடே.” இலக்கணத்தில் பிழை இல்லை. ஒவ்வோர் எழுத்தொலியும் சரி. ஆனாலும் மறுமுனையில் ஒரு கணம் மௌனம், பிறகு கொஞ்சம் சூடான குரல்: “ஏன், எனக்கு மட்டும் ஏன் முடியாது?”

நடந்தது இதுதான். பதில் சொன்னவர் ‘யூ’ என்ற சொல்லை, தமிழில் எழுதியிருக்கிறபடியே, முழு நெடிலாக எடுத்துச் சொல்லிவிட்டார். ஆங்கிலக் காதுக்கு அது “உங்களுக்குத்தான் தர முடியாது” என்று விழுந்தது.

மொரீசியஸில் ஆங்கில உச்சரிப்பு என்றால் பேச்சு பெரும்பாலும் ‘ஆக்சென்ட்’ என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. ‘திங்க்’ சொல்லும்போது நாக்கு பல்லைத் தொட்டதா, ‘ர’ உருண்டதா என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அவை சரியில்லாவிட்டாலும் கேட்பவர் பெரும்பாலும் புரிந்துகொள்வார். அழுத்தம் இடம் மாறினால் மட்டும் அவர் வேறொன்றைப் புரிந்துகொள்வார். தான் தவறாகப் புரிந்துகொண்டது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதனால்தான் இது தனியாகப் படிக்க வேண்டிய பாடம்.

இந்தக் கட்டுரையில் ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். தடித்த எழுத்தில் இருப்பது அழுத்தம் பெறும் பகுதி.

## தமிழில் ஒட்டு செய்கிற வேலை

“ரவி நேற்று வந்தான்.” இதை வைத்துக்கொண்டு தமிழில் எத்தனை பொருள் சொல்லலாம் என்று பாருங்கள். “ரவிதான் நேற்று வந்தான்” என்றால் வேறு யாரும் அல்ல. “ரவி நேற்றுத்தான் வந்தான்” என்றால் அதற்கு முன்னால் அல்ல. “ரவியும் வந்தான்” என்றால் மற்றவர்களோடு சேர்ந்து. “ரவியா வந்தான்?” என்றால் ஆளைப் பற்றிச் சந்தேகம். தான், உம், ஏ, ஆ, ஆவது என்று சின்னச் சின்ன ஒட்டுகள் நம்மிடம் இருக்கின்றன. எந்தச் சொல்லில் ஒட்டுகிறோமோ அந்தச் சொல்மேல் வெளிச்சம் விழுகிறது. குரல் தட்டையாக இருந்தாலும் பொருள் மாறாது. எழுதிக் காட்டினாலும் அதே பொருள்தான்.

வீட்டில் பேசும் கிரியோலிலும் இதே போன்ற ஒரு சொல் உண்டு. ‘ஸோர்தி மெம்’ என்றால் ‘இன்றைக்கே’. அந்த ‘மெம்’ கிட்டத்தட்ட நம் ஏகாரம். பிரெஞ்சில் ‘சே முவா கி’ என்று வாக்கியத்தையே திருப்பிப் போட்டு, ‘நான்தான்’ என்ற பொருளைக் கொண்டுவருகிறார்கள்.

ஆங்கிலத்திலும் ‘ஒன்லி’, ‘ஈவன்’ போன்ற சொற்கள் இருக்கின்றன. ஆனால் அன்றாடப் பேச்சில் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்வது குரல்தான். சொற்கள் அப்படியே இருக்கும், வரிசை அப்படியே இருக்கும். வெளிச்சத்தை ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்கு நகர்த்துவது குரல்.

குரலால் பொருள் சொல்வது நமக்குப் புதிதும் அல்ல. ஒருவர் பேசும்போது நாம் கொட்டுகிற ‘ம்’ஐக் கவனியுங்கள். குரல் இறங்கினால் ‘சரி’. ஏறினால் ‘என்ன சொன்னீர்கள்?’. சமமாக இழுத்தால் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்’. ஒரே ஒரு மெய்யெழுத்தை வைத்து நாம் செய்கிற இந்த வேலையை ஆங்கிலம் முழு வாக்கியத்துக்கும் செய்கிறது.

சுருக்கமாக: தமிழில் சொல்லோடு ஒட்டி வரும் ‘தான்’, ஆங்கிலத்தில் குரலில் இருக்கிறது. அந்தக் குரல் எதனால் ஆனது என்பதை இனிப் பார்க்கலாம்.

## அழுத்தம் என்றால் சத்தம் அல்ல

முதலில் இரண்டு சொற்களுக்குப் பொருள் சொல்லிவிடுகிறேன். ஓர் உயிரொலியை நடுவில் வைத்து ஒரே வீச்சில் வருகிற துண்டு அசை. ‘ஹோட்டல்’ இரண்டு அசை, ‘மொரீசியஸ்’ நான்கு அசை. யாப்பிலக்கணத்தின் நேரசை, நிரையசையை இங்கே மறந்துவிடுங்கள். ஒரு சொல்லின் அசைகளில் ஒன்று மற்றவற்றைவிட எடுப்பாகக் கேட்பதே அழுத்தம்.

எடுப்பாகக் கேட்பது என்றால் சத்தமாகச் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் ஓர் அசை எடுப்பாகக் கேட்க நான்கு காரணங்கள் உண்டு: குரலின் சுருதி அந்த இடத்தில் மாறுகிறது, அசை நீள்கிறது, உயிரொலி முழுமையாக ஒலிக்கிறது, கொஞ்சம் சத்தமும் கூடுகிறது. 1950களில் டி. பி. ஃப்ரை என்ற ஆங்கிலேய ஒலியியலாளர் இதைச் சோதித்தார். இயந்திரத்தால் உண்டாக்கிய சொற்களில் நீளத்தையும் சத்தத்தையும் சுருதியையும் தனித்தனியாக மாற்றிக் கேட்பவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். சத்தத்தைவிட நீளமும் சுருதியுமே அழுத்தத்தை அதிகம் உணர்த்தின.

அதனால் ‘அழுத்திச் சொல்’ என்று யாராவது சொன்னால் குரலை உயர்த்திக் கத்தாதீர்கள். கத்தினால் கோபம்தான் கேட்கும், அழுத்தம் கேட்காது. அந்த அசையை நீட்டுங்கள், சுருதியை அங்கே அசையுங்கள், பக்கத்து அசைகளைச் சுருக்குங்கள்.

சொல்லுக்குள் அழுத்தம் இடம் மாறினால் சில சமயம் சொல்லே மாறிவிடும். **பெர்**மிட் என்றால் அனுமதிச் சீட்டு, பெர்**மிட்** என்றால் அனுமதி கொடு. **ரெ**கார்ட் என்றால் பதிவு, ரி**கார்ட்** என்றால் பதிவு செய். இப்படிப்பட்ட இரண்டசைச் சோடிகளில் பெயர்ச்சொல் முன்னசையிலும் வினைச்சொல் பின்னசையிலும் அழுத்தம் பெறும்.

நம் தீவில் இன்னொரு பொறி இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஷன்’ என்று முடிகிற நூற்றுக்கணக்கான சொற்கள் பிரெஞ்சிலும் கிரியோலிலும் ஏறத்தாழ அதே வடிவில் உண்டு. பிரெஞ்சு, எடுப்பைத் தொடரின் கடைசி அசையில் வைக்கும். அந்தப் பழக்கத்தில் ‘ரிசர்வேஷன்’ சொன்னால் கடைசி ‘ஷன்’ நீண்டுவிடும். ஆங்கிலத்தில் ‘ஷன்’ எப்போதும் மெலிந்தது. அதற்கு முந்தைய அசைதான் அழுத்தம் பெறும்: ரெஸர்**வே**ஷன், இன்ஃபர்**மே**ஷன். ‘இட்டி’ என்று முடிகிற சொற்களிலும் அதற்கு முந்தைய அசை: இலெக்**ட்ரி**சிட்டி. ‘இக்’ என்று முடிந்தாலும் பெரும்பாலும் அப்படியே: எக**நா**மிக். ‘அரபிக்’ போன்ற சில விலக்குகள் உண்டு. இந்த ஒரு விதியை மட்டும் பழகினாலே கிரியோலிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாண்டும்போது சறுக்குகிற சொற்களில் பெரும்பகுதி நேராகிவிடும்.

காசு கைமாறும் இடத்தில் ஒன்று: ஃபிஃப்**டீன்** பதினைந்து, **ஃபிஃப்**டி ஐம்பது. தனியாகச் சொல்லும்போது ‘டீன்’ நீண்டு எடுப்பாக வரவேண்டும். ஆனால் பின்னால் அழுத்தமான பெயர்ச்சொல் வந்தால், ‘**ஃபிஃப்**டீன் ரூம்ஸ்’ என்று அழுத்தம் முன்னால் நகர்ந்துவிடும், அப்போது இரண்டும் காதில் நெருங்கிவிடும். தொகை முக்கியமானால் ‘ஒன் ஃபைவ்’ என்று இலக்கங்களையும் சேர்த்துச் சொல்வதே பாதுகாப்பு.

## தாளமும் குற்றியலுகரமும்

தமிழ் வகுப்பில் மாத்திரை படித்திருப்பீர்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ‘நாடு’, ‘பாக்கு’ போன்ற சொற்களின் ஈற்று உகரம் மட்டும் தன் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைந்து ஒலிக்கும். அது குற்றியலுகரம். ‘பாக்கு’ என்று சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு குவிவதே இல்லை. முழு ‘உ’ அங்கே கிடையாது, ஏதோ ஒரு மங்கலான ஒலிதான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இந்தக் குறுக்கம் ஈற்று உகரத்தோடு நிற்பதில்லை. அழுத்தம் பெறாத எந்த உயிரும் இப்படி மங்கிவிடலாம். அந்த மங்கல் ஒலிக்கு ஷ்வா என்று பெயர். வாயை எந்தப் பக்கமும் இழுக்காமல், நாக்கைச் சும்மா கிடக்கவிட்டு, குட்டியாக ஒரு ‘அ’ சொன்னால் ஏறத்தாழ அதுதான். ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலியும் அதுவே. எழுத்தில் அதற்கென்று தனி உருவம் இல்லாததால், எழுத்தைப் பார்த்து ஆங்கிலம் படித்தவர்களுக்கு அது கண்ணிலேயே படுவதில்லை.

வாக்கியத்தில் பொருளைச் சுமக்கிற சொற்கள், அதாவது பெயர், வினை, பெயரடை, வினையடை ஆகியவை முழுமையாக ஒலிக்கும். ‘த’, ‘டு’, ‘ஃபார்’, ‘அவ்’, ‘அண்ட்’, ‘கேன்’, ‘வாஸ்’, ‘யூ’ போன்ற இணைப்புச் சொற்கள் ஷ்வாவாக மங்கும். இந்த மூன்று வாக்கியங்களைக் கையால் தாளம் தட்டிக்கொண்டே சொல்லுங்கள்:

**கிட்ஸ்** **வான்ட்** **ரைஸ்**.

த **கிட்ஸ்** வில் **வான்ட்** சம் **ரைஸ்**.

த **கிட்ஸ்** வுட் அவ் **வான்**டட் சம் அவ் த **ரைஸ்**.

மூன்றிலும் தட்டு மூன்றே. இடையில் சேர்ந்த சொற்கள் தட்டுகளுக்கு நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருகின்றன. நாம் பேசும்போது ஒவ்வோர் அசைக்கும் சமமாக இடம் கொடுத்து, கடைசி வாக்கியத்துக்குப் பத்துத் தட்டு தட்டிவிடுகிறோம். அதனால் எது முக்கியம், எது ஒட்டு என்பது கேட்பவருக்குப் பிரிந்து தெரியாமல் போகிறது.

இதில் ஒரு பழைய மிகைக்கூற்றையும் திருத்த வேண்டியிருக்கிறது. 1945இல் கென்னத் பைக் என்ற அமெரிக்க மொழியியலாளர், ஆங்கிலத்தை அழுத்தத்தால் காலம் அளக்கும் மொழி என்றும், வேறு சில மொழிகளை அசையால் காலம் அளப்பவை என்றும் பிரித்தார். அதிலிருந்து, ஆங்கிலத்தில் இரண்டு அழுத்தங்களுக்கு இடையிலான நேரம் எப்போதும் சமம் என்று பாடநூல்கள் சொல்லத் தொடங்கின. கருவி வைத்து அளந்தால் அது சமமாக இருப்பதில்லை. இடையில் அசை கூடினால் நேரமும் கூடத்தான் செய்கிறது, ஆனால் அந்த அசைகளின் எண்ணிக்கை அளவுக்குக் கூடுவதில்லை. மேலே சொன்ன தட்டு பயிற்சிக்குத்தான், அதை இயற்கை விதியாகக் கொள்ள வேண்டாம். உண்மையில் நடப்பது உயிர் மங்குவதும் அசை சுருங்குவதும்தான்.

இந்த மங்கல் அழகுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ‘முடியும்’, ‘முடியாது’ என்ற வேறுபாடே இதைச் சார்ந்திருக்கிறது. ‘ஐ க்ன் டூ இட்’ என்றால் என்னால் செய்ய முடியும். ‘கேன்’ அங்கே கிட்டத்தட்ட உயிரே இல்லாத ‘க்ன்’. ‘ஐ கான்ட் டூ இட்’ என்றால் முடியாது. இங்கே உயிர் நீண்டு, முழுமையாக, அழுத்தத்தோடு வரும். வேகமான பேச்சில் கடைசி ‘ட்’ பெரும்பாலும் விழுங்கப்பட்டுவிடும், ஆகவே ஆங்கிலக் காது அந்த ‘ட்’ஐ எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை, உயிர் முழுசா, மங்கலா என்று பார்க்கிறது. நீங்கள் ‘ஐ கேன் டூ இட்’ என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னால், குறிப்பாக அமெரிக்கர் ஒருவர் அதை ‘முடியாது’ என்றே எடுத்துக்கொள்ளலாம். தெளிவாகப் பேச வேண்டும் என்று முயன்றதாலேயே பொருள் தலைகீழாகிறது. வாக்கியத்தின் கடைசியில் வந்தால் மட்டும், ‘யெஸ், ஐ கேன்’ என்று முழுதாகவே ஒலிக்க வேண்டும்.

சுருக்கமாக: ஆங்கிலத் தாளம் அழுத்தமான அசைகளால் மட்டும் உண்டாவதில்லை. மற்றவை மங்குவதால்தான் அவை எடுப்பாகின்றன. எல்லாச் சொல்லையும் தெளிவாகச் சொன்னால் எந்தச் சொல்லும் எடுப்பாக நிற்காது.

## வாக்கியத்தில் ஒரு சொல்

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வரலாம். ஒரே மூச்சில், ஒரே குரலோட்டத்தில் சொல்லும் சொற்கூட்டத்தில் அழுத்தமான சொற்கள் பல இருக்கலாம். ஆனால் குரலின் பெரிய திருப்பம் அவற்றுள் ஒன்றில்தான் நிகழும். அதை மைய அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அதுதான் நம் ‘தான்’.

சிறப்பான காரணம் ஏதும் இல்லாவிட்டால் மைய அழுத்தம் கடைசிப் பொருட்சொல்லில் விழும்: ‘ஐ ஹவ் புக்ட் எ ரூம் ஃபர் **மன்**டே’. செய்தி முழுவதும் புதிது என்று அதற்குப் பொருள்.

ஒரு சொல் ஏற்கெனவே பேச்சில் வந்துவிட்டால் கதை மாறும். “டீ குடிக்கிறீர்களா?” என்று கேட்டால் தமிழில் நாம் “பிடிக்காது” என்று மட்டும் சொல்வோம். ‘டீ’ முன்பே வந்துவிட்டதால் அதை விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் அப்படி விடுவதில்லை. சொல்லை வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள்: ‘ஐ டோன்ட் **லைக்** டீ’. அந்தக் கடைசி ‘டீ’ தாழ்ந்த, தட்டையான குரலில், யாரும் கவனிக்கத் தேவையில்லாததுபோல் கடந்துபோகும்.

நம்மவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். தொடரின் முடிவை எடுப்பாக்கும் பிரெஞ்சு, கிரியோல் பழக்கம் ‘ஐ டோன்ட் லைக் **டீ**’ என்று சொல்ல வைக்கிறது. கேட்பவருக்கு அது “டீதான் பிடிக்காது” என்று போகிறது. அவர் உடனே “காப்பி தரட்டுமா?” என்பார். நீங்கள் எதுவும் வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தீர்கள்.

நேரம் குறைவாக இருந்து ஒன்றை மட்டும் பழக முடியும் என்றால் இதைப் பழகுங்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசும்போது புரிதல் எங்கே உடைகிறது என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000இல் வெளியிட்ட அடிப்படைப் பட்டியலில் மைய அழுத்தத்தின் இடத்தை இன்றியமையாதது என்று சேர்த்தார். ஷ்வா மங்கலையும் குரல் போகும் திசையையும் அதில் சேர்க்கவில்லை. எபேன் அலுவலகத்திலிருந்து பிரிட்டனுக்கோ தென்னாப்பிரிக்காவுக்கோ பேசுகிறவருக்கு மற்ற இரண்டும் தேவைப்படும் என்பது என் கருத்து. ஆனால் எதிலிருந்து தொடங்குவது என்பதில் அவரோடு முழுமையாக உடன்படுகிறேன்.

## ஒரே வாக்கியம், ஐந்து பொருள்

வரவேற்பு மேசைக்குத் திரும்புவோம். அதே ஏழெட்டுச் சொற்கள். மைய அழுத்தத்தை மட்டும் நகர்த்துவோம்.

‘வீ கான்ட் கிவ் யூ தட் ரூம் ஆன் **ஃப்ரை**டே.’ குரல் நேராக இறங்கினால் இது வெறும் தகவல்: வெள்ளிக்கிழமை அந்த அறையைத் தர இயலாது.

‘வீ கான்ட் கிவ் யூ **தட்** ரூம் ஆன் ஃப்ரைடே.’ அந்த அறையைத்தான் தர முடியாது. கேட்பவர் உடனே ‘அப்படியானால் வேறு அறை இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்வார். அடுத்து நீங்கள் இன்னொரு அறையைச் சொல்லாமல் நிறுத்தினால் பேச்சு பாதியில் தொங்கும்.

‘**வீ** கான்ட் கிவ் யூ தட் ரூம் ஆன் ஃப்ரைடே.’ எங்களால் முடியாது. மேலாளரோ முகவரோ தரக்கூடும் என்ற சாடை இதில் இருக்கிறது. விருந்தினர் “யாரிடம் பேச வேண்டும்?” என்று கேட்டால் வியப்படைய வேண்டியதில்லை.

‘வீ **கான்ட்** கிவ் யூ தட் ரூம் ஆன் ஃப்ரைடே.’ ஒருமுறை சொல்லியும் விருந்தினர் மீண்டும் வற்புறுத்தும்போது வருகிற பதில் இது: முடியவே முடியாது. முதல் பதிலாகச் சொன்னால் சண்டைக்கு வந்ததுபோல் இருக்கும்.

‘வீ கான்ட் கிவ் **யூ** தட் ரூம் ஆன் ஃப்ரைடே.’ உங்களுக்குத்தான் தர முடியாது. வேறொருவர் கேட்டால் தருவோம். கட்டுரைத் தொடக்கத்தில் வந்த விருந்தினர் கேட்டது இதைத்தான்.

பேசியவர் யாரையும் ஒதுக்க நினைக்கவில்லை. ‘யூ’ என்பதை நெடிலாக எழுதிப் பழகி, நெடிலாகவே சொன்னார், அவ்வளவுதான். அந்த நீளமே ஆங்கிலத்தில் அழுத்தத்தின் அடையாளம். அங்கே வரவேண்டியது ‘ய’ என்று தேய்ந்துபோன குறுக்கம்: ‘வீ கான்ட் கிவ் ய தட் ரூம் ஆன் ஃப்ரைடே’. தாளத்தில் நேர்ந்த ஒரு சின்னப் பிழை மைய அழுத்தத்தின் வேலையைத் தானாக எடுத்துக்கொண்டது. இதனால்தான் தாளத்தையும் அழுத்தத்தையும் இரண்டு தனிப் பாடங்களாகப் பிரித்துப் படிப்பது உதவாது.

## குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா

மைய அழுத்தம் எந்தச் சொல்லில் என்பது ஒன்று. அங்கே தொடங்கி முடிவு வரை குரல் எந்தத் திசையில் போகிறது என்பது இன்னொன்று. இந்தப் போக்கைத்தான் குரலேற்ற இறக்கம் என்கிறோம். தொடக்கத்துக்கு மூன்று வகை போதும்.

இறக்கம், ‘சொல்லி முடித்தேன்’ என்பது. ஏற்றம், ‘முடியவில்லை’ அல்லது ‘நீங்கள் சொல்லுங்கள்’ என்பது. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஏற்றத்தில் முடியும். ஆனால் ‘வேர்’, ‘வென்’, ‘வாட்’ என்று தொடங்கும் கேள்விகள் சாதாரணமாக இறங்கும். கேள்வி என்றாலே குரல் ஏற வேண்டும் என்று நினைத்து அவற்றையும் ஏற்றிவிடக் கூடாது. ‘வேர் ஆர் யூ ஃப்ரம்’ என்பதை மேலே ஏற்றினால், “எந்த ஊர் என்று சொன்னீர்கள்? மறந்துவிட்டது” என்ற தொனி வந்துவிடும்.

வாலாக ஒட்டும் கேள்விகளில் திசை நேரடியாகவே பொருளை மாற்றும். ‘த ரூம் இஸ் ரெடி, இஸ்ன்ட் இட்’ என்பதில் வால் இறங்கினால் “அறை தயார்தானே” என்று பொருள். ஆம் என்ற பதிலை எதிர்பார்க்கிறது. வால் ஏறினால் “தயாரா இல்லையா?” என்று உண்மையாகவே கேட்கிறது.

மூன்றாவது வகைதான் நமக்குப் பழக்கம் இல்லாதது: குரல் இறங்கி, உடனே கொஞ்சம் மேலே ஏறுவது. இறங்கேற்றம் என்று சொல்வோம். ‘ஆமாம்... ஆனால்’ என்று சொல்லாமல் விட்ட பகுதி அதில் ஒளிந்திருக்கும். மேசை வாக்கியத்தில் ஃப்ரைடே மீது இறங்கேற்றம் போட்டால், “வெள்ளிக்கிழமைதான் முடியாது” என்றாகிறது. சனிக்கிழமைக்குக் கேட்டுப் பாருங்கள் என்ற வாசல் திறந்திருக்கிறது. அறையை விற்க வேண்டிய ஊழியருக்கு இது பயனுள்ள குரல்.

இன்னும் கூர்மையான ஒன்று: ‘வீ டோன்ட் கிவ் ரூம்ஸ் டு எனிபடி’. நேர் இறக்கத்தில் சொன்னால் “நாங்கள் யாருக்கும் அறை தருவதில்லை”. இறங்கேற்றத்தில் சொன்னால் “யாருக்கு வேண்டுமானாலும் தந்துவிடுவதில்லை”. அதாவது சிலருக்குத் தருகிறோம். தமிழில் இவை இரண்டு தனி வாக்கியங்கள். ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம், கடைசி ஓர் அரை நொடியில் குரல் மேலே திரும்பியதா என்பதுதான் வேறுபாடு. மின்னஞ்சலில் எழுதினால் இந்த வேறுபாடு தொலைந்துவிடும், எழுத்தில் ‘ஜஸ்ட்’ என்ற சொல்லைச் சேர்த்தே அதைக் காப்பாற்ற வேண்டும்.

சுருக்கமாக: மைய அழுத்தம் எந்தச் சொல் முக்கியம் என்று காட்டுகிறது. அதன் மேல் குரல் போகும் திசை, பேச்சு முடிந்ததா, கேள்வியா, சொல்லாமல் விட்டது ஏதும் இருக்கிறதா என்று காட்டுகிறது.

## பழகிப் பார்க்க ஒரு வழி

இரண்டு பேர் வேண்டும், கைபேசி ஒன்று வேண்டும். மேசை வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய கேள்வியைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதுங்கள்: ‘எந்த அறை முடியாது?’, ‘யாருக்கு முடியாது?’, ‘எந்தக் கிழமை முடியாது?’, ‘யாரால் முடியாது?’. எந்த ஆங்கில வாக்கியத்துக்கும் மைய அழுத்தத்தைக் கண்டுபிடிக்க இதுவே எளிய வழி: அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று பாருங்கள், பதிலாக வரும் சொல்தான் மையம்.

பிறகு சொற்களை விட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு வாக்கியத்தின் மெட்டை மட்டும் ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். மேடு எங்கே, சரிவு எங்கே என்பது அப்போது தெளிவாகக் கேட்கும். மெட்டு சரியான பிறகு சொற்களை அதில் உட்காரவையுங்கள். அடுத்து வாக்கியத்தை நான்கு விதமாகவும் வரிசை மாற்றிப் பதிவு செய்து, தாளோடு நண்பரிடம் கொடுங்கள். எந்தப் பதிவு எந்தக் கேள்விக்கு உரியது என்று அவர் எண் போடட்டும்.

அவருடைய எண்கள் மாறிப்போனால், எடுப்பான சொல்லை இன்னும் உயர்த்தத் தோன்றும். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. தட் என்பதைச் சரியாகவே எடுத்திருப்பீர்கள், ஆனால் கடைசி ‘ஃப்ரைடே’யில் பழக்கம் காரணமாகக் குரல் இன்னொரு முறை எழும்பியிருக்கும். காது கடைசி மேட்டையே மையம் என்று எடுத்துக்கொள்ளும். கணினியில் Praat என்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்து பாருங்கள். சுருதிக் கோடு ‘தட்’டில் உயர்ந்து, அங்கிருந்து சரிந்து, ‘ரூம் ஆன் ஃப்ரைடே’ முழுக்கத் தாழ்ந்தே கிடக்க வேண்டும். நடுவில் மறுபடி ஒரு மேடு தெரிந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, வாக்கியத்தின் பின்பகுதியை மட்டும், தனக்குத்தானே முணுமுணுப்பதுபோல் தாழ்த்தி, ஐந்தாறு முறை சொல்லிவிட்டுப் பிறகு முழுதாகச் சொல்லுங்கள்.